பத்திர விலையும் வட்டியும்: அந்த 7.02 என்ன சொல்கிறது?

கேள்வி: பத்து வருஷப் பத்திரம் ஒன்றை, கூப்பன் 7 சதவீதம், சரியாக 100க்கு வாங்கினேன். வட்டி ஏறினால் நமக்கு நல்லதுதானே என்று நினைத்தால் விலை இறங்குகிறது. திரையில் ட்யூரேஷன் ஓரிடத்தில் 7.52, இன்னோரிடத்தில் 7.02 என்று இருக்கிறது. எதைப் பார்ப்பது? இது வருஷக் கணக்கா, சதவீதமா?

பதில்: விலை எவ்வளவு ஆடும் என்று தெரிய வேண்டுமானால் 7.02ஐப் பாருங்கள், அது சதவீதம். 7.52 வருஷக் கணக்கு, அதற்கும் ஒரு வேலை இருக்கிறது, அப்புறம் வருகிறேன்.

முதலில் விலை ஏன் இறங்குகிறது என்பதை முடித்துவிடுவோம். உங்கள் பத்திரம் கூப்பனாக வருஷம் 7 தரும் என்பது வெளியிட்ட அன்றே முடிவான விஷயம், இனி மாறாது. இன்று அதே தரத்தில், அதே பத்து வருஷத்துக்குப் புதிய பத்திரம் 8 தருகிறது என்று வையுங்கள். 100 கொடுத்தால் 8 கிடைக்கும்போது உங்களிடம் வந்து அதே 100 கொடுத்து 7 வாங்க யாரும் தயாராக இருக்க மாட்டார்கள். உங்கள் பத்திரத்தை வாங்குகிறவருக்கு வருஷம் 1 வீதம் பத்து வருஷத்துக்குக் குறைகிறது, அந்தக் குறையை விலையில் கழித்துக்கொண்டால்தான் அவருக்குக் கட்டுபடியாகும்.

எவ்வளவு கழிப்பது? பத்து முறை 1 குறைகிறது என்பதால் 10 என்று சொல்லிவிட முடியாது. பத்தாவது வருஷம் வராமல் போகிற 1க்கு இன்றைய மதிப்பு 8 சதவீதக் கணக்கில் 0.46தான், முதல் வருஷத்து 1க்கு 0.93. இப்படிப் பத்தையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டினால் 6.71 வருகிறது. ஆக விலை 93.29. வட்டி 6 ஆக இறங்கியிருந்தால் இதே கணக்கு தலைகீழாக நடக்கும்: உங்கள் பத்திரம் வருஷம் 1 கூடுதலாகத் தருகிறது, அந்தப் பத்து 1களின் மதிப்பு 6 சதவீதக் கணக்கில் 7.36, விலை 107.36.

இப்போது 7.02ஐக் கவனியுங்கள். வருஷம் 1 வீதம் பத்து வருஷத்துக்கு வரும் பணத்தை 7 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் கிடைப்பது அதுவேதான். 6.71க்கும் 7.36க்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இதற்குத்தான் மாடிஃபைடு ட்யூரேஷன் என்று பெயர்: ஈல்டு, அதாவது இன்றைய விலைக்கு வாங்கி முதிர்வு வரை வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் வருஷ வட்டி விகிதம், 1 சதவீதப் புள்ளி நகர்ந்தால் விலை ஏறக்குறைய எத்தனை சதவீதம் எதிர்ப்பக்கம் நகரும் என்பது. (100க்கு விற்கும் பத்திரத்துக்குத்தான் இந்தச் சுருக்குவழி அப்படியே பொருந்தும், மற்றவற்றுக்குக் கணக்கு கொஞ்சம் நீளும், பொருள் ஒன்றுதான்.) இரண்டு வருஷப் பத்திரத்துக்கு இதே எண் 1.81 மட்டுமே, ஏனென்றால் குறைகிற 1கள் இரண்டே இரண்டு.

7.52 என்பது மெக்காலே ட்யூரேஷன். கூப்பனும் அசலுமாக உங்கள் பணம் சராசரியாக எத்தனை வருஷத்தில் கைக்கு வருகிறது என்று, ஒவ்வொரு தொகையின் இன்றைய மதிப்பையும் எடையாக வைத்துச் சொல்வது. அதை 1.07ஆல் வகுத்தால் 7.02. வட்டி இன்றே 8 ஆகிவிட்டது, நீங்கள் விற்காமல் கூப்பன்களையும் 8 சதவீதத்தில் மறுபடி போட்டுக்கொண்டே வருகிறீர்கள் என்றால், ஏழரை வருஷம் கழித்து உங்கள் கையில் சுமார் 166 இருக்கும். வட்டி 7லேயே நின்றிருந்தாலும் அதே 166தான். விலையில் விட்டது கூப்பனில் திரும்பி வருகிறது. நீண்ட நாள் வைத்திருப்பவருக்கு அது நல்ல செய்தி, ஆனால் அடுத்த வாரம் விற்கப்போகிறவருக்கு 7.02 மட்டும்தான் பேசும்.

டிரேடர்கள் இதைச் சதவீதமாக வைத்துக்கொள்வதில்லை, பணமாக மாற்றிக்கொள்வார்கள். ஈல்டு ஒரு பேசிஸ் பாயிண்ட், அதாவது 0.01 சதவீதப் புள்ளி, நகர்ந்தால் கையிலிருக்கும் பத்திரத்தில் எவ்வளவு போகும்? முகமதிப்பு ஒரு கோடி என்றால் உங்கள் பத்திரத்தில் சுமார் 7,020. திரையில் DV01 என்று இருப்பது இதுதான். நான் இந்த வேலைக்குப் புதிதாக வந்தபோது பத்து வருஷப் பத்திரம் ஒரு கோடி வாங்கி, வட்டி ஏறினால் காப்பாக இருக்கட்டும் என்று இரண்டு வருஷப் பத்திரம் ஒரு கோடி ஷார்ட் செய்தேன், அதாவது கையில் இல்லாததைக் கடன் வாங்கி விற்றேன். தொகை சமம், அதனால் ரிஸ்க்கும் சமம் என்று நினைத்துவிட்டேன். இரண்டு ஈல்டும் 50 பேசிஸ் பாயிண்ட் ஏறின. பத்து வருஷப் பத்திரத்தில் ஏறக்குறைய மூன்றரை லட்சம் போயிற்று, இரண்டு வருஷப் பத்திரத்தில் வந்தது 90 ஆயிரம்தான். சமமாக்க வேண்டியது DV01ஐ: 7.02ஐ 1.81ஆல் வகுத்தால் வருகிறபடி, ஒரு கோடிக்கு எதிராக 3.88 கோடி விற்றிருக்க வேண்டும்.

அப்படிச் சரியாக விற்றாலும் அந்தக் காப்பு நிற்பது இரண்டு ஈல்டும் ஒரே அளவு நகரும்போதுதான். பல நாள் அப்படி நகராது. மத்திய வங்கி வட்டியை ஏற்றும் அன்று இரண்டு வருஷ ஈல்டு ஏறி, பத்து வருஷ ஈல்டு இறங்குவதும் உண்டு, பணவீக்கம் இனி அடங்கும் என்று சந்தை நினைத்தால் அதுதான் நடக்கும். ட்யூரேஷன் பேசுவது அந்தப் பத்திரத்தின் சொந்த ஈல்டைப் பற்றித்தான், செய்தியில் வரும் வட்டி விகிதத்தைப் பற்றி இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பணம் விட்டவர்கள்தான் நான் பார்த்ததில் அதிகம்.

இன்னொரு எல்லையும் உண்டு. 7.02 என்று சொல்லியும் விலை 6.71தான் இறங்கியது, ஏறும்போது 7.36 ஏறியது. ஈல்டோடு விலை நேர்கோட்டில் நகராமல் வளைந்து நகர்வதால் வருவது இது, அந்த வளைவுக்குக் கான்வெக்சிட்டி என்று பெயர். உங்கள் பத்திரத்தில் வித்தியாசம் சின்னது. ஆஸ்திரியா 2020இல் 0.85 சதவீதக் கூப்பனில் நூறு வருஷப் பத்திரம் வெளியிட்டது, 2120இல்தான் முதிர்வு. 100 விலையில் அதன் மாடிஃபைடு ட்யூரேஷன் 67. அப்படியானால் ஈல்டு 1 சதவீதப் புள்ளி ஏறினால் மூன்றில் இரண்டு பங்கு காலி என்று தோன்றும். முழுக்கணக்கு போட்டால் விலை 54.6 வருகிறது, அதாவது இறக்கம் சுமார் 45. அதுவும் பயங்கரம்தான், 2022இல் வட்டிகள் ஏறியபோது அந்தப் பத்திரத்தின் விலை பாதிக்கும் கீழே போனது. ஆனால் 67க்கும் 45க்கும் உள்ள இடைவெளி, பெரிய நகர்வுக்கு ட்யூரேஷனை மட்டும் நம்பிக் கணக்கு போடக்கூடாது என்று காட்டுகிறது. 10, 20 பேசிஸ் பாயிண்டுக்கு அது போதும், 100ஐத் தாண்டினால் விலையை நேரடியாகவே கணக்கிடுங்கள்.

எண்ணும் நின்ற இடத்தில் நிற்காது. உங்கள் பத்திரம் 93.29க்கு வந்ததும் அதன் ட்யூரேஷன் 7.02 இல்லை, 6.87. பழைய எண்ணை வைத்துப் போட்ட காப்பை மறுபடி சரிசெய்ய வேண்டும். அப்புறம், வெளியிட்டவர் இடையில் அசலைத் திருப்பிக் கொடுத்துப் பத்திரத்தை முடித்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனை உங்கள் பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வட்டி இறங்கும்போது அவர் அதைத்தான் செய்வார், 107.36 வரை விலை ஏறாது, நான் மேலே சொன்ன கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. அங்கே பார்க்க வேண்டியது எஃபெக்டிவ் ட்யூரேஷன் என்று தனியாகத் தரப்படும் எண்ணை.