ஐந்துக்கு ஐந்து போட்ட பிள்ளை

கேள்வி: வெளிநாட்டில் வார இறுதித் தமிழ் வகுப்புக்குப் போகும் பிள்ளைகளின் ஆர்வம் எதனால் நிலைக்கிறது என்று கல்வியியல் ஆய்வு செய்யவிருக்கிறேன். வகுப்பிலேயே வினாத்தாள் கொடுத்துத் தரவு எடுத்தால் போதாதா?

போதாது. பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு இதே தலைப்பில் ஆய்வு தொடங்கியபோது நானும் போதும் என்றுதான் நினைத்தேன். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகளிடம் வினாத்தாளை வெள்ளோட்டம் விட்டேன். 11 வயது. ‘எனக்குத் தமிழ் படிக்கப் பிடிக்கும்’ என்ற வரிக்கு, பின்னால் அக்கா நிற்க, ஐந்துக்கு ஐந்து போட்டாள்.

மறுநாள் திண்ணையில் ஆச்சியோடு நுங்கு தின்றுகொண்டிருந்தவளிடம் பேச்சுக் கொடுத்தேன். வகுப்பில் அவள் வாயே திறப்பதில்லையாம். ஒருநாள் ‘ஆச்சி சொல்லுதாக’ என்றிருக்கிறாள். ஆசிரியர் ‘சொல்கிறார்கள்’ என்று திருத்த, மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். வீட்டின் நெல்லைத் தமிழ் அங்கே பிழையாகிவிட்டது. ஆனால் ஆச்சியிடம் கதை கேட்கும் ஆசை துளியும் குறையவில்லை.

மொழி கற்போரின் ஊக்கத்தை ஆராய்ந்த ஜோல்டான் டோர்னியெய் 2005இல் அதை மூன்றாகப் பிரித்தார்: நான் எப்படிப்பட்டவராக ஆக ஆசைப்படுகிறேன், எப்படி ஆக வேண்டும் என்று மற்றவர்கள் எதிர்பார்ப்பதாக நினைக்கிறேன், வகுப்பில் எனக்கு என்ன நேர்கிறது. இவளிடம் முதல் இரண்டும் நன்றாகவே இருந்தன. மூன்றாவதுதான் உடைந்து கிடந்தது. மூன்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் ‘பரவாயில்லை’ என்று வரும், உடைந்த இடம் தெரியாது. ஆகவே தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள். இன்னொன்று, எட்டு வயதுப் பிள்ளையிடம் எதிர்கால ஆசையைக் கேட்டால் விழிக்கும். ‘போன வாரம் வகுப்புக்கு வெளியே யாரிடம் தமிழில் பேசினாய், என்ன பேசினாய்?’ என்று கேட்டால் ஆளையும் பேச்சையும் சொல்லிவிடும். பெற்றோரும் ஆசிரியரும் அப்போது அறையில் இருக்கக் கூடாது.

இதைவிடப் பெரிய ஓட்டை வேறு. வகுப்பில் வினாத்தாள் கொடுத்தால், நின்றுவிட்ட பிள்ளைகள் உங்கள் தரவில் இருக்கவே மாட்டார்கள். ஆர்வத்தை எது நிலைக்க வைக்கிறது என்று கேட்டுவிட்டு, நிலைத்தவர்களை மட்டும் பார்த்தால் ஒப்பிட ஆளே இல்லை. வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். திடீரென நின்றவர்களையும், முதலில் ஒரு வாரம், பிறகு இரண்டு வாரம் என்று வராமல் போய்ப் போய் நின்றவர்களையும் பிரித்துப் பாருங்கள். முதல் வகையில் வீடு மாறியதோ கால்பந்துப் பயிற்சியோ காரணமாக இருக்கலாம். பெற்றோரிடம் ஒரு தொலைபேசி அழைப்பில் தெரிந்துவிடும். இரண்டாம் வகைப் பிள்ளைகளிடம்தான் உட்கார்ந்து பேச வேண்டும்.

செப்டம்பரில் மட்டும் அளந்துவிடாதீர்கள். குற்றாலத்தில் குளித்து, ஆச்சி வீட்டில் ஒரு மாதம் கிடந்துவிட்டுத் திரும்பிய பிள்ளைக்கு அப்போது தமிழ் மேல் தனிப் பிரியம் இருக்கும். அதை வகுப்பின் கணக்கில் எழுதினால் தவறு. ஊருக்கு வந்து போனாரா என்று ஒரு கேள்வி சேர்த்து, அதே பிள்ளைகளை டிசம்பரிலும் ஏப்ரலிலும் மறுபடி பாருங்கள்.