ப்ரீ மார்க்கெட் விலையையும் ஆஃப்டர் அவர்ஸ் விலையையும் ஒரே விதியால் கண்காணிக்கலாமா?

கேள்வி: மொரிஷியஸிலிருந்து அமெரிக்கப் பங்குகளைக் கவனிக்க ஒரு சிறிய நிரல் எழுதியிருக்கிறேன். முந்தைய முடிவு விலையிலிருந்து 5 சதவீதம் மாறினால் தகவல் அனுப்பும். வழக்கமான நேரத்துக்கு வெளியே நடக்கும் வியாபாரத்தையும் இதே விதியில் சேர்த்துவிடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் விதியில் 5 என்ற எண்ணைவிட "முந்தைய முடிவு விலை" என்ற சொற்கள்தாம் ஆபத்தானவை. நியூயார்க் நேரம் மாலை 4 முதல் 8 வரை நடக்கும் ஆஃப்டர் அவர்ஸ் வியாபாரத்தை அன்றைய அதிகாரபூர்வ முடிவு விலையோடு ஒப்பிட வேண்டும். மறுநாள் அதிகாலை 4 முதல் 9.30 வரை நடக்கும் ப்ரீ மார்க்கெட்டையும் அதே விலையோடு ஒப்பிடலாம், ஆனால் இரவோடு இரவாக நடைமுறைக்கு வந்த பங்குப் பிரிப்பையும் டிவிடெண்டையும் அதில் சரிக்கட்டிய பிறகே.

2024 ஜூன் 7, வெள்ளிக்கிழமை, என்விடியா பங்கு சுமார் 1,209 டாலரில் முடிந்தது. ஒன்றுக்குப் பத்து என்ற பிரிப்பு திங்கட்கிழமை வியாபாரத்திலிருந்து விலையில் காட்டப்பட வேண்டியிருந்தது. வெள்ளி மாலை ஆஃப்டர் அவர்ஸ் வியாபாரம் பழைய அளவுகோலிலும், திங்கள் காலை ப்ரீ மார்க்கெட் ஏறத்தாழ 121 டாலர் என்ற புதிய அளவுகோலிலும் அமைந்தன. உங்கள் நிரல் திங்கட்கிழமை 90 சதவீத வீழ்ச்சி என்று அறிவித்திருக்கும். பிரிப்பு இவ்வளவு பெரிதாக இருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். 40 டாலர் பங்கு 2 டாலர் சிறப்பு டிவிடெண்டுக்கான உரிமை இல்லாமல் விற்கத் தொடங்கும் எக்ஸ் தேதியில் காலை 38 டாலரில் தொடங்கினால் அது உண்மையான 5 சதவீத இறக்கம் போலவே தோன்றும். நான் அதிகம் அஞ்சுவது இத்தகைய சிறிய பிழைகளைத்தான்.

ஆஃப்டர் அவர்ஸில் சிக்கல் வேறு வகையானது. அங்கே ஒப்பீட்டு விலை சரியாகவே இருக்கும். நடப்பு விலைதான் நம்பத் தகாததாக இருக்கலாம். பெரும்பாலான நிறுவனங்கள் காலாண்டு முடிவுகளை வெளியிடுவது திறப்புக்கு முன்போ, முடிந்த உடனேயோ. மாலையில் வெளியிடும்போது, வாங்குவோரும் விற்போரும் குறைவாக உள்ள நேரத்தில், தனிப்பங்கு விலைகள் ஒரு வரம்பைத் தாண்டாமல் தடுக்கும் ஏற்பாடும் இல்லாத நிலையில், விலை தலைப்புச் செய்திக்கு எதிர்வினை காட்டுகிறது. 2024 பிப்ரவரி 13 அன்று லிஃப்ட் நிறுவனத்தின் அறிக்கையில் லாப விகிதம் 50 அடிப்படைப் புள்ளிகள், அதாவது அரை சதவீதப் புள்ளி, உயரும் என்பதற்குப் பதிலாக 500 என்று அச்சாகிவிட்டது. பங்கு 60 சதவீதத்துக்கும் மேல் ஏறியது. முதலீட்டாளர் உரையாடலில் நிதித் தலைவர் பிழையைத் திருத்தியதும் ஏற்றத்தின் பெரும்பகுதி கரைந்துபோனது. மொரிஷியஸில் அப்போது நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குப் பின். அந்த ஒரே தகவலை வைத்து உறக்கக் கலக்கத்தில் முடிவெடுப்பவரை நிரல்தான் காக்க வேண்டும்.

ஆகவே ஆஃப்டர் அவர்ஸ் தகவலை "தற்காலிகம்" என்று குறித்து, உரையாடல் முடிந்தபின் மறுபடி சோதிப்பதே சரி. ஒற்றை வியாபாரத்தை நம்பாமல், கேட்பு விலைக்கும் கொடுப்பு விலைக்கும் நடுவிலுள்ள மதிப்பை எடுங்கள், அந்த இடைவெளி ஒரு சதவீதத்துக்கு மேல் விரிந்திருந்தால் காத்திருங்கள் (இது என் பழக்கத்தில் வந்த அளவு, சிறிய பங்குகளுக்குத் தளர்த்த வேண்டியிருக்கும்). வியாபார அளவை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள். 4 மணிக்குப் பின் முதல் நிமிடங்களில் பதிவாகும் பெரிய வியாபாரங்கள் பல, முடிவு விலையிலேயே நடந்து தாமதமாக அறிவிக்கப்பட்டவை. செய்தி வந்த நேரத்தில் அவை "மாற்றமில்லை" என்ற பொய்த் தோற்றத்தைத் தரும்.

வழக்கமான நேரத்துக்கு வெளியே நடந்த வியாபாரங்கள், எல்லாச் சந்தைகளின் வியாபாரத்தையும் சேர்த்துக் காட்டும் ஒருங்கிணைந்த பதிவில் `T` என்ற குறியோடு வருகின்றன. அவை வியாபார அளவைக் கூட்டினாலும் அன்றைய கடைசி விலையை மாற்றுவதில்லை. உங்கள் தரவில் அளவு ஏறிக்கொண்டே போக, விலை முடிவு விலையிலேயே அசையாமல் நின்றால், நீங்கள் படிப்பது தவறான புலம்.

ப்ரீ மார்க்கெட்டுக்கு இரண்டாவது ஒப்பீடும் தேவை. மாலையில் 100 டாலரில் முடிந்த பங்கு ஆஃப்டர் அவர்ஸில் 92க்கு இறங்கி, காலையில் 92.50இல் இருந்தால், முடிவு விலையோடு ஒப்பிடும் நிரல் அதே செய்தியை இரண்டாம் முறை அறிவிக்கும். கடைசியாகத் தகவல் அனுப்பிய விலையைச் சேமித்து வைத்து, ஒரே செய்தி நாளுக்குள் அதிலிருந்து புதிதாக விலகினால் மட்டும் பேசச் செய்யுங்கள். பிரிப்பு இருந்தால் அந்தச் சேமித்த விலையையும் சரிக்கட்டியாக வேண்டும்.

நேரங்களை நம் கடிகாரத்தில் எழுதி வைக்க வேண்டாம். ப்ரீ மார்க்கெட் நமக்குக் கோடையில் நண்பகல் 12 மணிக்கும், அமெரிக்கா கடிகாரத்தைத் திருப்பிய பின் பிற்பகல் 1 மணிக்கும் தொடங்கும்; நம் நேரமோ மாறுவதில்லை. `America/New_York` மண்டலத்தில் கணக்கிட்டு, சந்தை நாட்காட்டியையும் இணையுங்கள். பிற்பகல் ஒரு மணிக்கே முடியும் அரை நாட்களில் ஆஃப்டர் அவர்ஸ் அப்போதே தொடங்கி மாலை 5 மணிக்கு முடிந்துவிடும்.