காவடிப் பதிவுத் தளம்: எல்லைக் கோடு எங்கே?

> "டர்பனில் எங்கள் கோவிலின் காவடிப் பதிவுத் தளத்துக்குத் தரவு ஓட்டப் படம் வரைகிறேன். பிரவுசர், சர்வர், டேட்டாபேஸ், பேமென்ட் கேட்வே நான்கையும் சுற்றி ஒரே நம்பிக்கை எல்லை போட்டேன். சரியா?"

வணக்கம். பிரவுசரும் கேட்வேயும் உங்கள் கையில் இல்லை. இரண்டையும் சதுரமாக வெளியே வையுங்கள். சர்வர் வட்டத்தையும் டேட்டாபேஸின் இரட்டைக் கோட்டையும் மட்டும் நம்பிக்கை எல்லையான புள்ளிக்கோட்டுக்குள் அடையுங்கள். எல்லையை வெட்டும் ஒவ்வொரு அம்பிலும், அதில் வருவதை யார் மாற்ற முடியும் என்று கேளுங்கள்.

பலர் தவறுவது பணம் கட்டிய பிறகு வரும் அம்பில்தான். அது ஒன்றல்ல, இரண்டு. ஒன்று, பக்தரின் பிரவுசர் வழியாகத் திரும்புவது:

```
/return?order=214&status=paid
```

இதை யார் வேண்டுமானாலும் முகவரிப் பட்டையில் தட்டலாம். சர்வர் இதை நம்பினால், ஒரு ராண்ட்கூடக் கட்டாமல் பதிவு உறுதியாகிவிடும். ஆகவே இந்தப் பக்கம் நன்றி மட்டும் சொல்லட்டும்.

மற்றது, கேட்வே நேராக உங்கள் சர்வருக்கு அனுப்பும் அறிவிப்பு. இதுவும் எல்லையைக் கடந்துதான் வருகிறது. கையொப்பத்தைச் சரிபார்த்து, தொகை டேட்டாபேஸில் உள்ள தொகையோடு பொருந்தினால் மட்டுமே "கட்டியாயிற்று" என்று எழுதுங்கள். ஒரே அறிவிப்பு இருமுறை வரலாம், அதையும் பாருங்கள்.

தொண்டர்கள் பட்டியல் பார்க்கும் பக்கத்துக்கும் தனி அம்பு வேண்டும். அவர்களும் பிரவுசர்தான், கோட்டுக்கு வெளியே.