போட்டோவில் கையிலிருக்கும் டம்ளரை எடுத்தால் விரல்கள் ஏன் கெட்டுப்போகின்றன?

கேள்வி: அப்பா காபி டம்ளரோடு நிற்கிற போட்டோதான் நன்றாக இருக்கிறது, பிரேம் போட வேண்டும். போட்டோஷாப்பில் டம்ளரை அழித்தால் விரல்கள் கோணலாகத் தெரிகின்றன. எப்படிச் சரிசெய்வது?

பதில்: மார்பளவு படம் போதுமென்றால் டம்ளருக்கும் அதைப் பிடித்த கைக்கும் மேலே கிராப் செய்துவிடுங்கள், வேலை முடிந்தது.

முழுக் கையும் வேண்டுமென்றால், அந்த விரல்களைத் திருத்தப் பார்க்காதீர்கள். டம்ளரைப் பிடித்த விரல்கள் வளைந்திருக்கும், நுனிகள் அழுந்தியிருக்கும். டம்ளர் மறைத்த உள்ளங்கையோ படத்திலேயே இல்லை. அதை வரைந்தாலும், காரணமில்லாமல் மடங்கி நிற்கும் முழங்கை காட்டிக்கொடுக்கும். அதனால் முழங்கைக்குக் கீழே வேறு கையை வைப்பதே சரி.

அப்பாவின் வயதும் உடல்வாகும் உள்ள ஒருவரை, கையைத் தொங்கவிட்டு நிற்கச் சொல்லி எடுங்கள். மூலப் படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமோ அதே பக்கம் இருக்கட்டும். மொபைலை மார்பு உயரத்தில் பிடித்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள். கிட்டே போனால் கை பெருத்துவிடும். விரல்களை விறைப்பாக நீட்டக் கூடாது. தளர்ந்த கையில் ஆள்காட்டி விரல் குறைவாகவும் சுண்டுவிரல் அதிகமாகவும் மடங்கும்.

அரைக்கைச் சட்டையென்றால் அதிர்ஷ்டம். டம்ளர் பிடிக்கும்போது மேல்கை பெரும்பாலும் நேராகத்தான் தொங்கும், ஆகவே ஸ்லீவ் அப்படியே இருக்கலாம். ஸ்லீவை மட்டும் தனி லேயராக எடுத்து மேலே வையுங்கள். புதுக் கையை அதற்கு அடியில் நுழைத்தால் ஒட்டு மறைந்துவிடும். அளவுக்கு ஒரு கணக்கு: மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை, ஏறக்குறைய முகவாயிலிருந்து நெற்றி மயிர்க்கோடு வரை உள்ள நீளம். முழுக்கைச் சட்டையில் முழங்கை மடிப்புகள் அப்படியே தங்கிவிடும். Puppet Warp போட்டு நிமிர்த்தினாலும் போகாது. அதே மாதிரிச் சட்டையோடு ஸ்லீவையும் சேர்த்து எடுக்க வேண்டியதுதான்.

பழைய கையும் டம்ளரும் மறைத்த சட்டைப் பகுதியைப் புது லேயரில் Clone Stamp கொண்டு, Sample-ஐ Current & Below என வைத்து நிரப்புங்கள். கோடு போட்ட சட்டையென்றால் கோட்டின் மேலேயே ஆல்ட் அழுத்தி மாதிரி எடுத்து, அடுத்த கோட்டில் தொடருங்கள். பலர் கோட்டைவிடுவது நிழலில்: பழைய கை மார்பில் விழவைத்த நிழல் மிஞ்சிவிடும், புதுக் கைக்கோ இடுப்போரம் நிழலே இருக்காது. முதலாவதை அழித்து, இரண்டாவதை Multiply லேயரில் மெல்லிய பிரஷால் போடுங்கள்.

நிறத்தை முகத்தோடு ஒப்பிட வேண்டாம், பலருக்குக் கை கொஞ்சம் கறுத்திருக்கும். மறு கையைப் பார்த்து Curves திருத்துங்கள். கடைசியில் 100% அளவில் பாருங்கள்: முகத்தில் புள்ளி புள்ளியாக இருந்து கை மட்டும் வழவழப்பாக இருந்தால், கை லேயருக்குக் கொஞ்சம் Add Noise கொடுங்கள்.

டம்ளருக்குப் பதில் தோளில் மாட்டிய பையை எடுப்பதென்றால் தோளையும் பாருங்கள். வாருக்காகத் தூக்கிய தோள் மறு தோளைவிட உயர்ந்திருக்கும், வார் அழுத்திய மடிப்பும் சட்டையில் நிற்கும். Liquify-யில் பெரிய பிரஷ் வைத்துத் தோளை இறக்கும்போது காலரும் கூடவே இழுபடும். Freeze Mask போட்டு அதைப் பிடித்துவையுங்கள்.