கார்டு சொல்லும் கணக்கும் கார்டில் உள்ள இடமும்: வாசகர் கேள்வி-பதில்

கல்யாண வீடியோ 60 ஜிபி. 128 ஜிபி மெமரி கார்டில் ஏற்றி வைத்தோம். ஃபைல் பெயர், அளவு எல்லாம் சரியாகத் தெரிகிறது. முதல் இரண்டு வீடியோதான் ஓடுகிறது. மீட்க முடியுமா? (கீழக்கரை)

அநேகமாக இது போலிக் கார்டு. கார்டுக்குள் தகவலைச் சேமிக்கும் சிப் ஒன்று, "இவ்வளவு இடம் இருக்கிறது" என்று போனுக்குச் சொல்லும் கன்ட்ரோலர் ஒன்று. 8 ஜிபி சிப்பை வைத்துவிட்டு, கன்ட்ரோலரை மட்டும் 128 என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். ஃபைல் பெயரும் அளவும் பெரும்பாலும் கார்டின் தொடக்கப் பகுதியில் பதிவாவதால் அவை தப்பிவிடுகின்றன. 8 ஜிபியைத் தாண்டி வந்த வீடியோ எங்குமே எழுதப்படவில்லை. எழுதாததை எந்த ரெக்கவரி மென்பொருளும் எடுத்துத் தராது. வீடியோ எடுத்தவர் கேமரா கார்டை அழிப்பதற்குள் அவரைப் பிடியுங்கள். ஃபார்மேட் செய்து பார்ப்பதும் வீண். அதுவும் அதே கன்ட்ரோலரிடம்தான் அளவு கேட்கும்.

அப்படியானால் வாங்கியவுடன் எப்படிச் சோதிப்பது? ஒரே படத்தை முப்பது முறை காப்பி செய்து பார்த்தேன், எல்லாம் ஓடியது. (மண்டபம்)

அந்தச் சோதனை ஏமாற்றக்கூடியது. சில போலிக் கார்டுகள் நிரம்பியதும் மறுபடி முதலில் இருந்து எழுதத் தொடங்கும். ஒரே படம் என்றால் பழையதன் மேல் அதுவே விழுகிறது. வாசிக்கும்போது சில நேரம் சரியாகவே தெரியும். ஒவ்வொரு ஃபைலும் வேறாக இருக்க வேண்டும்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் H2testw என்ற இலவச மென்பொருள் இதைத்தான் செய்கிறது. கார்டை வெறுமையாக்கி, ரீடரில் செருகி, `all available space` தேர்ந்தெடுத்து `Write + Verify` அழுத்துங்கள். கார்டு முழுக்க வெவ்வேறு ஃபைல்களை எழுதி, பிறகு வாசித்து ஒப்பிடும். நல்ல கார்டு என்றால் பிழை இல்லை என்று முடியும். உள்ளே 8 ஜிபி சிப் வைத்த போலி என்றால் 7 ஜிபி சொச்சம் `OK`, மிச்சம் `DATA LOST` என்று வரும். நொடிக்கு 20 எம்பி எழுதும் கார்டில் 128 ஜிபிக்கு எழுதவே ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். கடையில் நின்று செய்யும் வேலை இல்லை. அதனால் பில் வாங்கி, திருப்பித் தரும் கெடுவுக்குள் வீட்டில் செய்யுங்கள். முடிவுத் திரையைப் படம் பிடித்து வையுங்கள். கடைக்காரர் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

லினக்ஸில் இதே சோதனையைச் செய்யும் மென்பொருள் f3. அதை நிறுவிவிட்டு இப்படித் தட்டுங்கள்:

```
f3write /media/card
f3read /media/card
```

`/media/card` என்ற இடத்தில் உங்கள் கார்டு இணைந்திருக்கும் பாதையைப் போடுங்கள்.

கம்ப்யூட்டரே இல்லையென்றால், வெவ்வேறு வீடியோக்களால் கார்டை முக்கால்வாசி நிரப்பி, போனை அணைத்து, கார்டைக் கழற்றி மாட்டி, முதல், நடு, கடைசி என்று ஓட்டிப் பாருங்கள். கழற்றாமல் பார்த்தால் போன் தன் நினைவகத்தில் இருப்பதையே காட்டிவிடலாம்.

128 ஜிபி கார்டில் 119 தான் காட்டுகிறது. போலியா? (இராமேஸ்வரம்)

இல்லை. தயாரிப்பாளர் 1 ஜிபியை நூறு கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார். விண்டோஸ் 107 கோடிக்கு மேல் வைத்து எண்ணுகிறது. பொய்க் கார்டும் இதே 119-ஐக் காட்டும் என்பதால், இந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

படகில் பாட்டு கேட்கும் கார்டு அடிக்கடி காணாமல் போகிறது. இதுவும் டூப்ளிகேட்டா? (பாம்பன்)

உப்புக்காற்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். தங்கநிறத் தகடுகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, காயவிட்டு மாட்டுங்கள். தொடர்புக் கோளாறு என்றால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் பிழை வரும், அல்லது கார்டே மறையும். போலி என்றால் ஒவ்வொரு சோதனையிலும் ஏறத்தாழ அதே அளவில் போய் முறியும்.

வெளிநாட்டிலிருந்து மச்சான் அனுப்பிய போனில் 16 ஜிபி ரேம், 1 டிபி என்று செட்டிங்ஸில் இருக்கிறது. 10 ஜிபி ஏற்றியதும் இடமில்லை என்கிறது. (தொண்டி)

செட்டிங்ஸ் திரையில் அந்த எண்ணை எழுதியே வைத்திருப்பார்கள். போனின் விவரம் காட்டும் ஆப்களையும் அந்த மென்பொருள் ஏமாற்றலாம். டெவலப்பர் ஆப்ஷனில் யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, adb என்ற கருவி நிறுவிய கம்ப்யூட்டரில் போனைக் கேபிளால் இணைத்து இதைத் தட்டுங்கள்:

```
adb shell df -h /data
adb shell cat /proc/meminfo
```

முதல் வரி 1 டிபிக்குப் பதில் 10 அல்லது 11 ஜிபி என்றும், இரண்டாவதில் `MemTotal` 16 ஜிபிக்குப் பதில் 20 லட்சம் kB அளவிலும் வந்தால், கையில் இருப்பது 16 ஜிபி சேமிப்பும் 2 ஜிபி ரேமும்தான். இவையும் திருத்தப்பட்டிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் பெரிய ஃபைல்களால் நிரப்புவதே கடைசிச் சோதனை. நீங்கள் தெரியாமலே அதைச் செய்துவிட்டீர்கள்.

`*#06#` அழுத்தி வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, `KYM` என்று தட்டி இடைவெளி விட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். பதிலில் வேறு பிராண்டு, வேறு மாடல் வந்தால் போலி. சரியான மாடலே வந்தாலும் நிம்மதி வேண்டாம். அசல் போன் ஒன்றின் ஐஎம்இஐ எண்ணை நகலெடுத்துப் போட்டிருக்கலாம். அந்தப் போனில் வங்கி ஆப் எதையும் ஏற்றாதீர்கள்.