எடுத்தால் மௌனம்: முதலில் என்ன சொல்வது?

கேள்வி: தெரியாத நம்பரில் இருந்து போன் வருகிறது. எடுத்து இரண்டு மூன்று தடவை ஹலோ சொன்னாலும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை, கொஞ்ச நேரத்தில் கட் ஆகிவிடுகிறது. இந்த மாதிரி கால் வந்தால் முதலில் என்ன சொல்ல வேண்டும்?

பதில்: முதலில் எதுவும் சொல்லாதீர்கள். எடுத்துக் காதில் வைத்து மூன்று நொடி சும்மா இருங்கள்.

இப்படி வரும் கால்களில் பெரும்பாலானவற்றில் அந்தப் பக்கம் ஆளே இருப்பதில்லை. விற்பனை கால் சென்டர்களில் ஒரு மென்பொருள்தான் நம்பர்களை வரிசையாக அழைத்துக்கொண்டே இருக்கும், அதுவும் பேசுவதற்கு இருக்கும் ஆட்களைவிட அதிகமான நம்பர்களை ஒரே நேரத்தில். யாராவது எடுத்தால், எடுத்தது மனிதனா பதில் சொல்லும் இயந்திரமா என்று உங்கள் குரலை வைத்துக் கணிக்கும். ஆஸ்டரிஸ்க் என்ற இலவச தொலைபேசி மென்பொருளில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு. அதில் யாரும் மாற்றாமல் விட்டால் இருக்கும் அளவுகள் இவை: 2.5 நொடி வரை சத்தமே வராவிட்டால் இயந்திரம், தொடர்ந்து 1.5 நொடிக்கு மேல் பேசினால் அதுவும் இயந்திரம், சின்னதாக ஏதோ சொல்லிவிட்டு 0.8 நொடி நிறுத்தினால் மனிதன். மற்ற மென்பொருள்களில் அளவு மாறலாம், ஆனால் கணிக்கும் விதம் கிட்டத்தட்ட இதேதான்.

இப்போது நீங்கள் செய்வதைப் பாருங்கள். "ஹலோ" என்கிறீர்கள், அரை நொடிகூட ஆகாது, பதிலுக்காக நிறுத்துகிறீர்கள், மென்பொருள் 'மனிதன்' என்று முடிவு செய்து பேச ஆள் தேடுகிறது, எல்லாரும் வேறு கால்களில் இருப்பதால் யாரும் கிடைக்காமல் உங்கள் லைனை வெட்டிவிடுகிறது, ஆனால் இந்த நம்பரில் ஆள் எடுக்கிறார் என்ற குறிப்பு மட்டும் தங்கிவிடுகிறது. நாளைக்கும் போன் வரும்.

சரி, உண்மையிலேயே உங்களைத் தேடும் ஆளாக இருந்தால்? மூன்று நொடிக்குள் அவரே "ஹலோ, கேக்குதா?" என்று ஆரம்பித்துவிடுவார். அப்படியும் சத்தம் வரவில்லை, டெலிவரிக்காரரோ ஆஸ்பத்திரியோ என்று சந்தேகம் என்றால், ஒரே மூச்சில் இதைச் சொல்லுங்கள்: "நீங்க பேசுறது கேட்கலை, மெசேஜ் அனுப்புங்க, இல்லைன்னா கொஞ்ச நேரம் கழிச்சு கூப்பிடுங்க." ஆளாக இருந்தால் புரிந்துகொள்வார். இடையில் நிறுத்தாமல் நீளமாக வருவதால் மென்பொருள் அதை இயந்திரத்தின் குரல் என்று எடுத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. உங்கள் பெயரையோ கடைப் பெயரையோ மட்டும் சேர்க்காதீர்கள். "ஆமா" என்று ஒரு வார்த்தை சொன்னாலே பதிவு செய்து பணத்தை எடுத்துவிடுவார்கள் என்று சுற்றும் பயம் மிகை. அதைவிட, யார் என்றே தெரியாதவரிடம் பெயர் சொல்வதுதான் அவர் அடுத்த தடவை உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நம்பவைக்க உதவும்.

மௌனமாக இருந்தாலும் கால் எடுக்கப்பட்டது என்பது அவர்களுக்குத் தெரியும், அதை மறைக்க முடியாது. திரும்பத் திரும்ப அதே நம்பர் என்றால் பிளாக் செய்யுங்கள். தெரியாத வெளிநாட்டு நம்பராக இருந்தால் திருப்பிக் கூப்பிடவே வேண்டாம், சிலவற்றில் கூப்பிடுபவர் தலையில்தான் அதிகக் கட்டணம் விழும்.