இருவர் சேர்ந்து போடும் பெட்டிக்கு அறிவிப்பு எழுதுவது எப்படி?

கேள்வி: திருச்சியில் வீட்டிலேயே கைமுறுக்கு சுற்றி விற்கிறேன். கும்பகோணத்தில் காபித்தூள் அரைத்து விற்கும் தோழியோடு சேர்ந்து பொங்கலுக்கு ஒரு பெட்டி போடுகிறோம். இன்ஸ்டாகிராம் படத்துக்குக் கீழே என்ன எழுதுவது? எழுதிப் பதிவிட்டுத் தர ஒருவர் 2,000 ரூபாயும் எங்கள் கடவுச்சொல்லும் கேட்கிறார்.

பதில்: பணமும் கொடுக்காதீர்கள், கடவுச்சொல்லும் கொடுக்காதீர்கள். பதிவு போட கடவுச்சொல் தேவையே இல்லை. நீங்கள் பதிவிடும்போது Invite collaborators என்பதைத் தொட்டு தோழியின் கணக்கைச் சேருங்கள். அவர் ஏற்றுக்கொண்டதும் ஒரே பதிவு இரண்டு பக்கத்திலும் தெரியும். கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டு கணக்கையே பிடித்துவைத்துப் பேரம் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். சிறு வியாபாரிகளும் அவர்களிடம் மாட்டுகிறார்கள். கணக்கு போன பிறகு அதை மீட்க, பேச ஒரு மனிதர்கூட இன்ஸ்டாகிராம் நிறுவனத்தில் எளிதில் கிடைப்பதில்லை.

வாசகம் இப்படி இருக்கலாம். எண்களை உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

“பொங்கல் பெட்டி 300 ரூபாய், தனித்தனியாக வாங்கினால் 330. கும்பகோணத்திலிருந்து காபித்தூள் 200 கிராம் (காபி 80, சிக்கரி 20 சதவீதம்). திருச்சியிலிருந்து கைமுறுக்கு 250 கிராம், கடலை எண்ணெயில் சுட்டது. கூரியர் தனி. ஜனவரி 8 வரை ஆர்டர் எடுப்போம். ஆர்டரும் பணமும் திருச்சி எண்ணுக்கு மட்டும். முறுக்கு உடைந்து வந்தாலும் காபித்தூள் பொட்டலம் கிழிந்து வந்தாலும் அதே எண்ணில் சொல்லுங்கள்.”

விலை முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. முதல் ஓரிரு வரிதான் திரையில் தெரியும், மீதி மறைந்துவிடும். ‘மகிழ்ச்சியோடு அறிவிக்கிறோம்’ என்று தொடங்கினால் அந்த இடம் வீண். ஆர்டருக்கு ஒரே எண் என்பதை விட்டுவிடாதீர்கள். இரண்டு எண் கொடுத்தால் புகார் வரும்போது ஆளுக்கு ஆள் கைகாட்டுவீர்கள், நட்பும் கெடும். சிக்கரி அளவு பொட்டலத்தில் இருக்க வேண்டியதுதான், இங்கேயும் சொல்லிவிடுங்கள். சிக்கரி கலந்ததை ‘சுத்தமான காபி’ என்று எழுதக்கூடாது.

அப்புறம், திருச்சிக்காரர் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். ‘மணப்பாறை முறுக்கு’ என்று எழுத ஆசை வரும். வேண்டாம். 2023-இல் அந்தப் பெயருக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. குறிப்பிட்ட பகுதியில் செய்து, அதைப் பயன்படுத்துபவராகப் பதிவும் செய்தவருக்குத்தான் அந்தப் பெயர். நீங்கள் மணப்பாறைக்காரரிடம் முறுக்கு சுற்றப் பழகியிருந்தாலும், அங்கிருந்தே அரிசி வாங்கினாலும், திருச்சியில் சுட்டால் அது கைமுறுக்குதான். ‘மணப்பாறை ஸ்டைல்’ என்று சுற்றி வளைப்பதும் தப்பிக்கும் வழி ஆகாது. மணப்பாறையிலேயே சுடும் உறவினர் பதிவு செய்திருந்து, அவர் முறுக்கை அவர் பொட்டலத்திலேயே வைத்தால் மட்டும் எழுதலாம். அப்போதும் சுட்டது அவர் என்று சொல்லுங்கள். இதையெல்லாம் வீட்டில் முறுக்கு சுற்றும் பெண்களுக்கு எந்த அலுவலகமும் தேடி வந்து சொல்வதில்லை. வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிகிறது.

பெட்டிக்கு வெளியேயும் 300 ரூபாய் என்ற மொத்த விலையை, வரி உட்பட, அச்சிட்டு ஒட்டுங்கள். உள்ளே இருக்கும் இரண்டு பொட்டலத்திலும் அவரவர் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இருக்கட்டும்.